சின்ன பாண்டு, பெரிய ஃபியூச்சர்ஸ்: 41 டாலர் ஆபத்துக்கு எந்த ஹெட்ஜ்?

கையில் 50,000 டாலர் முகமதிப்புள்ள 10 ஆண்டு அமெரிக்க கருவூல பாண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூப்பன் 4 சதவீதம், இப்போதைய சந்தை வட்டியான ஈல்டும் 4 சதவீதம், அதனால் விலை சரியாக 100. இரண்டு மாதத்துக்கு வட்டி ஏறுமோ என்று பயம், ஆனால் பாண்டை விற்க மனமில்லை. இந்த ஆபத்தை ஈடுகட்ட, அதாவது ஹெட்ஜ் செய்ய, என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது பொருந்தும் என்று பார்ப்போம்.

முதலில் ஆபத்தை அளக்க வேண்டும். ஈல்டை 3.99 என்று வைத்து ஒரு விலை, 4.01 என்று வைத்து ஒரு விலை கணக்கிட்டு, வித்தியாசத்தைப் பாதியாக்கினால் DV01 கிடைக்கும். இந்த பாண்டுக்கு விலைகள் 100.0818, 99.9183. பாதி வித்தியாசம் 100க்கு சுமார் 0.0818. 50,000 முகமதிப்புக்கு 40.88 டாலர். ஈல்டு 0.01 சதவீதப் புள்ளி, அதாவது ஒரு பேசிஸ் பாயின்ட், ஏறினால் கிட்டத்தட்ட 41 டாலர் போகும். இந்த ஓர் எண்ணை வைத்துத்தான் எல்லா வழிகளையும் எடைபோட வேண்டும்.

பலருக்கும் முதலில் தோன்றுவது 10 ஆண்டு கருவூல நோட்டின் ஃபியூச்சர்ஸை, அதாவது ZNஐ, விற்று வைப்பது; வட்டி ஏறி விலை இறங்கினால் அதில் லாபம் வரும். பெயர் பொருந்துகிறது, அளவு பொருந்தவில்லை. அதன் DV01 சுமார் 65 டாலர் என்று வைத்தால், ஒன்றை விற்றாலே 24 டாலர் கூடுதலாக விற்ற மாதிரி. அரை கான்ட்ராக்ட் என்று ஒன்று கிடையாது. ஈல்டு 50 பேசிஸ் பாயின்ட் இறங்கினால் பாண்டில் 2,094 டாலர் லாபம் வரும், ஆனால் ஃபியூச்சர்ஸில் 3,250 டாலருக்கு மேல் போய்விடும். காப்புக்காக எடுத்தது, வட்டி ஏறும் என்ற பந்தயமாகிவிடுகிறது.

சரி, 5 ஆண்டு ஃபியூச்சர்ஸ் ZF? அதன் DV01 சுமார் 43 டாலர். எண் அழகாகப் பொருந்துவதால்தான் இதில் ஏமாறுவது சுலபம். DV01 கணக்கு, இரண்டு ஈல்டுகளும் ஒரே அளவு நகரும் என்று எடுத்துக்கொள்கிறது. 10 ஆண்டு ஈல்டு 50 ஏறி, 5 ஆண்டு ஈல்டு 20 மட்டும் ஏறினால் என்ன ஆகும்? பாண்டில் 1,995 டாலர் நஷ்டம், ஹெட்ஜில் வருவது 860 டாலர். மிச்சம் 1,135 டாலர் உங்கள் தலையில்.

IEF போன்ற 7–10 ஆண்டு கருவூல ஈடிஎஃப் யூனிட்டுகளைக் கடன் வாங்கி விற்றால், அதாவது ஷார்ட் செய்தால், அளவை நுணுக்கமாகப் பொருத்தலாம். விலை 95, வட்டிக்கு விலை எவ்வளவு அசையும் என்று காட்டும் டியூரேஷன் 7 என்றால் ஒரு யூனிட்டின் DV01 6.65 சென்ட், ஆக 615 யூனிட் விற்க வேண்டும். ஆனால் அது 58,000 டாலருக்கு மேலான ஷார்ட். மாதாமாதம் வரும் டிவிடெண்டை நீங்கள் கட்ட வேண்டும், கடன் வாங்கிய யூனிட்டுக்குக் கட்டணமும் வரலாம்.

இந்த அளவுக்கு எனக்குப் பிடித்தது, அமெரிக்க ஃபியூச்சர்ஸ் சந்தையான சிஎம்இ 2021ல் கொண்டுவந்த 10 ஆண்டு மைக்ரோ ஈல்டு ஃபியூச்சர்ஸ். ஒரு பேசிஸ் பாயின்டுக்கு எப்போதும் 10 டாலர். நான்கு எடுத்தால் 40 டாலர், நமக்குத் தேவை 40.88. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: இது விலையில் அல்ல, ஈல்டில் வர்த்தகமாகிறது. ஆகவே பாண்டைக் காக்க இதை விற்கக் கூடாது, வாங்க வேண்டும். பழக்கத்தில் விற்றுவிட்டால் ஆபத்து இரட்டிப்பாகும். ஆர்டர் போட்ட பிறகு சரிபார்ப்பது எளிது: ஈல்டு ஏறும் நாளில் பாண்டும் ஹெட்ஜும் சேர்ந்தே நஷ்டம் காட்டினால் திசை தப்பு.

நான்கு வாங்கியிருந்து ஈல்டு 50 ஏறினால், பாண்டில் 1,995 நஷ்டம், ஹெட்ஜில் 2,000 வரவு. 50 இறங்கினால் 2,094 லாபம், 2,000 செலவு. இரு பக்கமும் சற்றே மிச்சமாவது பாண்டின் கான்வெக்சிட்டியால்: பாண்டின் விலை ஈல்டோடு வளைவாக நகரும், ஃபியூச்சர்ஸின் 10 டாலர் வளையாது. குறை என்னவென்றால், மாதாந்திர கான்ட்ராக்ட் என்பதால் இரண்டு மாதத்துக்கு இடையில் ஒரு முறையாவது முடியும் கான்ட்ராக்டை விட்டு அடுத்ததுக்கு மாற, அதாவது ரோல் செய்ய, வேண்டும். வர்த்தகமும் ZN அளவுக்கு அடர்த்தி கிடையாது, அதனால் லிமிட் ஆர்டர்தான் போட வேண்டும். ஈல்டு இறங்கும்போது ஃபியூச்சர்ஸ் நஷ்டம் அன்றன்றே பணமாகக் கழியும், பாண்டின் லாபமோ தாளில்தான் இருக்கும். நான்கு கான்ட்ராக்டுக்கு 50 பாயின்ட் என்றால் 2,000 டாலர். அந்தப் பணம் கணக்கில் தனியாக இருக்க வேண்டும்.

கார்ப்பரேட் பாண்டுக்கும் இதே கணக்கைப் போடலாம், ஆனால் கருவூல ஈல்டின் நகர்வு மட்டுமே அடைபடும். கருவூல ஈல்டுக்கு மேல் அந்தக் கம்பெனி தரும் கூடுதல் ஈல்டான ஸ்ப்ரெட் விரிந்தால் அந்த நஷ்டம் அப்படியே நிற்கும்.

அப்புறம், யாரும் அதிகம் பேசாத ஐந்தாவது வழி: பாண்டையே விற்பது. முழு ஆபத்தையும் பல மாதங்களுக்கு மூடப்போகிறீர்கள் என்றால், ஹெட்ஜ் போட்ட கருவூல பாண்டு தரும் வருமானம் குறுகிய கால வட்டிக்கு அருகேதான் வரும். அதற்கு ட்ரெஷரி பில் வாங்கினாலே போதும், ரோலும் மார்ஜினும் இல்லை. கருவூல பாண்டை விற்பது மலிவு, பாதியை மட்டும் விற்றால் DV01 20.44 ஆகிவிடும். விற்றால் வரி விழும் என்றாலோ, சிறு அளவில் விற்க முடியாத கார்ப்பரேட் பாண்டு என்றாலோதான் ஓரிரு மாதத்துக்கு மைக்ரோ ஈல்டு பக்கம் போவேன்.