பிக்சல் ஆர்ட் கேம் மினுங்காமல் ஓட: முழு எண் மடங்கா, நகர்த்தலா, ஷேடரா?

320×180-ல் வரைந்த கேம் 1920×1080 ஸ்கிரீனில் சரியாக 6 மடங்கு ஆகும், ஒரு வம்பும் இல்லை. வம்பெல்லாம் 1366×768 லேப்டாப்பில்தான். முழு ஸ்கிரீனுக்கு நீட்டினால் சுமார் 4.27 மடங்கு வருகிறது, அரைகுறைப் புள்ளி என்று ஒன்று கிடையாதே, அதனால் நியரஸ்ட் ஃபில்டர் சில பிக்சலை 4 புள்ளி அகலத்திலும் சிலதை 5 புள்ளியிலும் போடும். ஒரே அளவில் வரைந்த இரண்டு கண்ணில் ஒன்று பெரிதாகத் தெரியும், ஆள் நடந்தால் பெரிய கண் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மினுமினுப்பு என்பது இதுதான். சந்தேகமாக இருந்தால் ஒரு பிக்சல் கட்டம் போட்ட சதுரங்கப் பலகையை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், பட்டை பட்டையாக அலை ஓடும்.

எளிய வழி முழு எண் மடங்கு. 4 மடங்கில் 1280×720, பக்கத்துக்கு 43 புள்ளியும் மேலும் கீழும் 24 புள்ளியும் கறுப்பு. கோடோ 4.2 முதல் இது வெறும் ஒரு செட்டிங். படம் கத்தி மாதிரி இருக்கும், ஆனால் கேமராவும் முழுப் பிக்சலில்தான் நகர முடியும் என்பதால் மெதுவான நகர்வு 4 புள்ளி, 4 புள்ளியாகக் குதிக்கும். அப்புறம் கேமராவையும் ஆளையும் தனித்தனியாக ரவுண்ட் செய்கிறவர்களுக்கு இன்னொரு தலைவலி: ஆள் 100.4, கேமரா 90.6 என்றால் இடைவெளி 9. அடுத்த ஃபிரேமில் 100.6, 90.8 என்றால் 10. உண்மையான இடைவெளி இரண்டிலும் 9.8 தான், ஆனாலும் ஆள் துள்ளுகிறான்.

இரண்டாவது வழியில் படத்தைச் சுற்றிலும் ஒரு பிக்சல் கூட்டி 322×182-ல் வரைந்து, கேமராவின் முழு எண்ணை மட்டும் அங்கே பயன்படுத்தி, மிச்சப் பின்னத்தை மடங்கால் பெருக்கிப் பெரிதாக்கும்போது நகர்த்துகிறோம். பின்னணி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கேமரா ஆளையே ஒட்டிப் பின்தொடர்ந்தால் ஆள் மட்டும் அதிர்வான், அவன் இன்னும் பழைய கட்டத்தில்தானே நிற்கிறான். அவனைத் தனியாக, பெரிதாக்கிய பிறகு வரைய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, லீனியர் ஃபில்டரோடு இந்தச் சின்ன ஷேடர்:

```glsl
vec2 px = uv * texSize;
vec2 seam = floor(px + 0.5);
px = seam + clamp((px - seam) / fwidth(px), -0.5, 0.5);
color = texture(tex, px / texSize);
```

பிக்சலின் உள்பக்கம் அப்படியே இருக்கும், இரண்டு பிக்சல் சேரும் ஓரத்தில் மட்டும் ஒரு ஸ்கிரீன் புள்ளி அளவுக்கு நிறம் கலக்கும். எந்த மடங்குக்கும் சரி, கறுப்புப் பட்டையும் வேண்டாம். ஒன்றரை மடங்கு மாதிரிக் குறைவாகப் போனால் கலங்கலாகத் தெரியும், அதுதான் குறை.

என் ஓட்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்ப்பதற்கு: 322×182-ல் வரைந்து, பின்னத்தை நகர்த்தி, கடைசிப் பெரிதாக்கலை இந்த ஷேடரிடம் விட்டுவிடுங்கள். நகர்த்தலை ரவுண்ட்கூடச் செய்ய வேண்டாம். ஷேடரை ஒவ்வொரு ஸ்ப்ரைட்டிலும் நேரடியாகப் போடுவதாக இருந்தால் மட்டும், அட்லஸில் படங்களுக்கு நடுவே ஒரு பிக்சல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் படத்தின் நிறம் ஓரத்தில் கசியும்.