கதை நின்றால் மூன்று வழி: இரண்டு வருடம் பாவித்த பிறகு

இருவர் மாறி மாறி எழுதும் கதை நின்றுபோவது வரிகளிலேயே தெரியும். மூன்று முறை தொடர்ந்து மழை, தேத்தண்ணி, பெருமூச்சு என்றே வந்து, யாருக்கும் எதுவும் மாறாவிட்டால் கதை படுத்துவிட்டது. அப்போது "பிறகு என்ன?" என்று கேட்பது முழுப் பாரத்தையும் களைத்தவர் தலையில் வைப்பது. அடுத்து வரக்கூடிய மூன்று காட்சிகளை எழுதி அனுப்பி, ஒன்றைத் தெரியச் சொல்வது அதைவிட எவ்வளவோ மேல்.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு வசனம் போதும்: என்ன நடக்கிறது, அதன்பின் எதைத் திருப்ப முடியாது. இரண்டாவதை விட்டால் கூட்டாளி கண்ணை மூடிக்கொண்டு தெரிவுசெய்கிறார்.

கிளிநொச்சிப் பக்கம் கண்டாவளையில் நடக்கும் கதை ஒன்று. வசந்தி பல வருடம் கழித்துத் தன் காணிக்கு வந்து, மண் போட்டு மூடிய கிணற்றடியில் நிற்கிறாள். அதோடு நின்றது. கூட்டாளிக்கு நான் அனுப்பிய செய்தி:

"அக்கா, ஒன்று: வசந்தி ஆள் பிடிச்சுக் கிணற்றைத் தோண்டுறாள், தகப்பன் ஒளிச்ச பெட்டி வருது. பெட்டிக்குள்ள என்ன எண்டதை இனி இழுக்க ஏலாது. இரண்டு: காணியைச் செய்யிறவர் வந்து, மூடினது தான்தான் எண்டுறார். இனி அவர் வெறும் அயலவர் இல்லை. மூன்று: இரணைமடுக் குளத்து வான்கதவு திறக்கினம், ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில தங்கீனம். கிணறு வெள்ளத்துக்க, தோண்டுறது மாசியிலதான்."

முதல் வழி தெரிந்ததை மாற்றுகிறது, அடுத்தது உறவை, கடைசி காலத்தை. மூன்றாவதாக முதலில் எழுதியது, தம்பி வந்து தோண்டுவது. அது சட்டை மாற்றிய முதல் வழிதான். இரண்டு காட்சி தள்ளி யோசித்துப் பார்த்தால் பிடிபடும்: இரண்டும் பெட்டியடியில் முடிகின்றன. விளைவு ஊருக்கும் பொருந்த வேண்டும். மாங்குளத்துக் காணியென்றால் வெள்ள வழி செல்லாது. மாங்குளம் இரணைமடுவுக்கு மேலே, கண்டாவளை கீழே.

அக்கா மூன்றாவதை எடுத்து, பள்ளிக்கூடத்தில் இரண்டாவதைச் சொல்லவைத்தார். முரண்படாத விளைவுகளை இப்படிச் சேர்க்கலாம். பெட்டி அப்படியே மண்ணுக்குள் கிடக்கிறது.

அடிக்கடி விடும் பிழை, மனதுக்குப் பிடித்த ஒன்றை நீட்டி எழுதி மற்ற இரண்டையும் ஒப்புக்குப் போடுவது. கூட்டாளி உடனே உணர்ந்து, "உமக்கு விருப்பமானதை எழுதும்" என்பார். மூன்றும் ஒரே நீளமாய், எதையும் எழுத ஆசை வருமளவுக்கு இருக்க வேண்டும். "ஏதாவது" என்று பதில் வந்தால், எது வேண்டாம் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சுலபமாக வரும். ஐந்தாறு காட்சிக்கு ஒருமுறைக்கு மேல் பாவித்தால் கூட்டாளி தானாக எழுதுவதை விட்டுவிட்டு வழிகளுக்காகக் காத்திருப்பார்.

வன்னிக் கதைகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காணாமல் போனவர் ஒருவர் கதைக்குள் வரும் இடத்தில் கூட்டாளி நின்றால், அது கதை நின்றதாக இருக்காது. அங்கே மூன்று வழி அனுப்பக் கூடாது. இந்த ஆளைக் கதையில் வைத்திருக்கலாமா என்று மட்டும் கேட்டு, பதில் வரும்வரை விட்டுவிட வேண்டும்.