வண்டியில் டப்பாவா, கிடங்கில் கேமராவா: குப்பையில் வரும் லித்தியம் பேட்டரியை எங்கே மடக்குவது?

கும்பகோணத்தில் ஒரு வீட்டிலிருந்து 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் ஒன்று குப்பைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு சார்ஜில் அதற்குள் இருப்பது சுமார் 37 வாட்-மணி. சார்ஜ் சரியாக நிற்பதில்லை என்று தூக்கிப் போட்டாலும் பாதியாவது மிச்சம் இருக்கலாம். தெருவில் வரும், பேட்டரியில் ஓடும் குப்பை வண்டியில் ஏறும்வரை அதனால் பெரிய ஆபத்தில்லை. காம்பாக்டர் லாரிக்கு மாற்றி, அழுத்தும் தகடு இறங்கும்போதுதான் வினை. உள்ளே இரு முனைத் தகடுகளையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். அது கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிச் சூடேறும். அந்தச் சூட்டில் மீதித் தாளும் உருகும். எளிதில் பற்றும் திரவம் ஆவியாகிச் சீறும். சில நேரம் இது உடனே நடக்கும். சில நேரம் நசுங்கிய பேட்டரி மணிக்கணக்கில் சும்மா கிடந்து, கிடங்கில் கொட்டிய பிறகு ராத்திரியில் எரியும்.

இதைத் தடுக்க ஊர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குப்பை வண்டியில் டப்பா வைத்து, வாசலிலேயே பேட்டரியைத் தனியாக வாங்கிக்கொள்வது. இன்னொன்று, தரம் பிரிக்கும் கிடங்கில் வெப்பக் கேமரா வைத்துக் கண்காணிப்பது.

கேமராவை முதலில் பார்ப்போம். ஆளில்லாத ராத்திரியில் அது விழித்திருக்கும். அது உண்மையான பலம். ஆனால் அது காண்பது குவியலின் மேற்பரப்பை மட்டும்தான். நாலடிக்குக் கீழே புகையும் பேட்டரி அதன் கண்ணில் படாது. நம் ஊர்க் கிடங்குகளில் பக்கத்திலேயே உரக் குவியலும் இருக்கும். மக்கும்போது அதன் உட்சூடு 60 டிகிரியைத் தொடும், கிளறினால் அந்தச் சூடு வெளியே தெரியும். சித்திரை வெயிலில் தகரமும் லோடர் இன்ஜினும் கொதிக்கும். எச்சரிக்கை அளவைக் குறைத்து வைத்தால் தினமும் பொய்யாக அலறும், நாலு நாளில் யாராவது அணைத்து வைத்துவிடுவார்கள். கூட்டி வைத்தால் தீ தெரிந்த பிறகுதான் கூப்பிடும். கூப்பிட்டாலும் தண்ணீரோடு ஓடிவர ஆள் வேண்டும். லாரிக்குள் பிடிக்கும் தீக்கு இந்தக் கேமராவால் ஒரு பயனும் இல்லை.

டப்பா வழிக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2016-ன் திடக்கழிவு விதிகளே பழைய பேட்டரியை வீட்டு அபாயக் கழிவில் சேர்த்துத் தனியாகத் தரச் சொல்லியிருந்தன. 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பேட்டரி வண்டியின் பக்கவாட்டில் மூடி போட்ட இரும்பு டப்பா, அடியில் காய்ந்த மணல். மூடியை இறுக்கிப் பூட்டக் கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும். வெளியே தெரியும் முனைகளில் டேப் ஒட்ட வேண்டும். உப்பிய பேட்டரியை அமுக்காமல், வேறொரு மணல் டப்பாவில் தனியாக வைக்க வேண்டும். அன்றன்றைக்கே இவற்றைக் கிடங்குக்கு வெளியே, நிழலில் தனி இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஐப்பசி மழையில் மணல் நனையாமல் பார்த்துக்கொள்வதுதான் டெல்டாவில் கூடுதல் வேலை.

இதிலும் ஓட்டை இருக்கிறது. கொசு பேட், ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் தலையில் மாட்டும் டார்ச், பொம்மை, ப்ளூடூத் இயர்போன்: இவற்றுக்குள் இருப்பது என்ன பேட்டரி என்று வெளியே தெரியாது. ஆகவே "பேட்டரி தனியாகக் கொடுங்கம்மா" என்று கேட்டால் போதாது, "சார்ஜ் போடுற சாமான் எதுவானாலும் தனியாக் கொடுங்கம்மா" என்று கேட்க வேண்டும்.

என் கணக்கில் டப்பாவுக்கே முதல் பணம். தப்பி வருவதைப் பிடிக்கக் கிடங்கில் ஒரு பழக்கம் போதும்: கொட்டியதைக் குவிக்காமல் முழங்கால் உயரத்துக்குப் பரப்பி, ஆள் பார்த்த பிறகே மற்ற குப்பையோடு சேர்ப்பது. ராத்திரியில் குப்பை தேங்கும் பெரிய கிடங்குக்குக் கேமரா வாங்கலாம், ஆனால் அது இரண்டாவது செலவு.

லாரியில் வெள்ளைப் புகை, சீறல், தித்திப்பான கெமிக்கல் வாடை வந்தால் கிடங்குக்கு விரட்டிப் போகக் கூடாது. வைக்கோல் போரும் நெல் கொள்முதல் நிலையமும் மின்கம்பியும் இல்லாத திறந்த இடத்தில் லோடைக் கொட்டிவிட்டு, 101-ஐ அழைத்து, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகி நிற்க வேண்டும். அந்தப் புகை நச்சு. பவுடர் சிலிண்டர் ஜுவாலையை அடக்கும், சூட்டைத் தணிக்காது, அதனால் திரும்பப் பற்றும். லித்தியம் என்றால் தண்ணீரே ஆகாது என்ற பயம் இந்த வகை பேட்டரிக்குப் பொருந்தாது. நிறையத் தண்ணீர் விட்டுக் குளிர்விப்பதே சரி. ஒற்றைச் சின்ன பேட்டரி என்றால் மணல் போட்டு மூடிச் சிதறாமல் தடுக்கலாம், ஆனால் உள்ளே சூடு அப்படியே இருக்கும். அணைத்த தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் இறங்காதபடி மண்ணை வெட்டி வரப்புக் கட்டிவிட வேண்டும்.