நாமினி பெயரில் ஓர் எழுத்து மாறினால்: மசேநி, காப்பீட்டு நியமனங்களோடு பல ஆண்டுப் பழக்கத்தில் கண்டவை

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: “பாலிசியில அம்மா பேர LETCHUMIன்னு போட்டிருக்கேன். பாஸ்போர்ட்ல LAKSHMIன்னு இருக்கு. பணம் நின்னுடுமா?” பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் என்ன அடையாள எண் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எண் ஒத்துப்போனால் எழுத்து மாற்றம் பெரும்பாலும் ஒரு விளக்கக் கடிதத்தோடு முடிந்துவிடும். எண்ணும் மாறி எழுத்தும் மாறியிருந்தால், படிவத்தில் இருப்பவரும் முகப்பில் வந்து நிற்பவரும் ஒரே ஆள் என்று காட்ட அந்தக் காகிதத்தில் எதுவுமே மிச்சமில்லை. சிக்கல் அங்கேதான்.

சிங்கப்பூரில் நியமன முறைகள் எப்படி இருக்கின்றன என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். மத்திய சேம நிதியான மசேநியின் பணம் உயிலில் வராது, அதற்குத் தனி நியமனம். காப்பீட்டுக்கு 1.9.2009 முதல் நடப்பில் உள்ள இரண்டு வகை: எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடியது, மனைவி மக்களுக்கு மட்டும் எழுதக்கூடிய டிரஸ்ட் வகை. வங்கிச் சேமிப்புக் கணக்கில் ஊரில்போல நாமினி எழுதும் வழக்கம் இங்கே இல்லை. அந்தப் பணம் சொத்தோடு சேர்ந்துதான் போகும். ஆகவே இங்கே பேசப்போவது மசேநியும் காப்பீடும்தான்.

எண் ஏன் மாறுகிறது? இங்கே பிறந்த குழந்தைக்கு அந்தக் கவலையே இல்லை. பிறப்புச் சான்றிதழில் இருக்கும் எண்தான் பிறகு அடையாள அட்டையிலும் வரும். வெளியிலிருந்து வந்தவர்களின் கதை வேறு. மனைவி சார்ந்தோர் அட்டையில் வந்தபோது F, G அல்லது M எழுத்தில் தொடங்கும் எண் வைத்திருப்பார். நிரந்தரவாசியானதும் S எழுத்தில் தொடங்கும் புதிய எண் வரும். பழைய எண்ணோடு எழுதிய பாலிசி அப்படியே கிடக்கும். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இன்னும் மோசம். அவர்களுக்கு இருப்பது பாஸ்போர்ட் எண் ஒன்றுதான். இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எண் மாறிவிடும். பத்து வருடப் பாஸ்போர்ட் என்றால், பாலிசியின் ஆயுளில் இரண்டு மூன்று முறை மாறும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 100,000 வெள்ளி பாலிசி, மாற்றக்கூடிய நியமனம், 2012இல் எழுதியது. மனைவிக்கு 60 விழுக்காடு, தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்கு 40. மனைவி இங்கே பிறந்தவர். படிவத்தில் VIJAYALETCHUMI, அடையாள அட்டையில் VIJAYALAKSHMI D/O என்று தொடங்கும் முழுப்பெயர். ஆனால் அட்டை எண் ஒன்றே. அவர் பங்கில் பெரிய தடை வராது. அம்மாவின் பெயர் R LETCHUMI என்று இருக்கிறது. இங்கேயும் மலேசியாவிலும் பழைய பதிவுகளில் காதால் கேட்டு எழுதிய எழுத்துக்கூட்டல் அது, மகனுக்குக் கை அப்படியே பழகிவிட்டது. அம்மாவின் இன்றைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் RAMASAMY, பெயர் LAKSHMI. 2012இல் கொடுத்த எண் காலாவதியான பாஸ்போர்ட்டின் எண். முதலெழுத்து விரிந்துவிட்டது, எழுத்துக்கூட்டல் மாறிவிட்டது, எண்ணும் போய்விட்டது. 40,000 வெள்ளி இந்த மூன்று ஓட்டைகளின் வழியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இதைச் சரிசெய்ய உயிரோடு இருக்கும்போது ஆகும் வேலை ஒரு மாலை நேரம். புதிய மாற்றக்கூடிய நியமனப் படிவம், அதாவது படிவம் 4, எடுத்து எல்லா நாமினிகளையும் மீண்டும் எழுத வேண்டும். அம்மாவின் வரியை மட்டும் திருத்தி அனுப்பக் கூடாது. பங்குகள் கூட்டி நூறு வர வேண்டும். இரண்டு சாட்சிகள் 21 வயது நிறைந்தவர்களாக இருக்க வேண்டும். நாமினியோ நாமினியின் கணவன் மனைவியோ சாட்சியாகக் கூடாது. தம்பி நாமினி என்றால் தம்பி மனைவியைக் கையெழுத்துப் போடச் சொல்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. வெள்ளை மை பூசித் திருத்தவே கூடாது. பிழை வந்தால் புதுத் தாளில் எழுதுங்கள். இந்த மாற்றத்துக்கு அம்மாவின் சம்மதமோ மனைவியின் சம்மதமோ தேவையில்லை.

பெயரை எந்த வரிசையில் எழுதுவது என்று குழப்பம் வரும். பாஸ்போர்ட் படப் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் நாட்டுக் குறிக்குப் பின் குடும்பப்பெயர் வரும், இரட்டைக் குறிக்குப் பின் இட்ட பெயர் வரும்.

```
P<INDRAMASAMY<<LAKSHMI<<<<<<<<<<<<<<<<<<<<<<
```

அந்த வரியில் இருக்கும் எழுத்துகளையே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்தைச் சுருக்கவும் வேண்டாம், புள்ளி வைக்கவும் வேண்டாம். சிங்கப்பூர் அடையாள அட்டைக்காரர்களுக்கு D/O, S/O, சிலருக்கு @ குறியோடு வரும் இன்னொரு பெயர் என எல்லாமே பெயரின் பகுதிதான், அட்டையில் இருக்கிறபடியே முழுதும் எழுத வேண்டும். சில கணினிகள் அந்தச் சாய்கோட்டை விழுங்கிவிடும். அது பயப்பட வேண்டிய வேறுபாடு அல்ல. தகப்பன் பெயரே விடுபட்டிருப்பதுதான் பயப்பட வேண்டியது.

எண்ணுக்கு இன்னொரு பாலம் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய பாஸ்போர்ட்டின் எண்ணும் அது வழங்கப்பட்ட நாளும் இடமும் அச்சாகியிருக்கும். அதே பக்கத்தில் தந்தை, தாய், கணவர் பெயர்களும் இருக்கும். படப் பக்கத்தோடு இந்தப் பக்கத்தையும் நகல் எடுத்து, புதிய நியமனத்தின் நகலோடு சேர்த்து வையுங்கள். மீண்டும் பாஸ்போர்ட் புதுப்பித்தால், 2012 எண்ணிலிருந்து இன்றைய எண் வரை சங்கிலி அறுபடாமல் இருக்கும். ரத்துசெய்த பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

மூன்றாவது இடமும் ஒன்று இருக்கிறது: அம்மாவின் ஊர் வங்கிக் கணக்கு. பாஸ்புத்தகத்தில் R. LAKSHMI என்று இருந்தால், நிறுவனம் சரியாக அனுப்பிய பணத்தைக்கூட அங்குள்ள வங்கி பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பலாம். அவர் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே கிளைக்கு அழைத்துப்போய்க் கணக்குப் பெயரைப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ப மாற்றிவிடுவது மிகச் சுலபம்.

இதையெல்லாம் செய்யாமல் மரணத்துக்குப் பிறகு அவிழ்க்க வேண்டியிருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியப்பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட பிரகடனம் கேட்பார்கள். ஊரில் இருப்பவர் நோட்டரியிடம் போக வேண்டும். தேவைப்பட்டால், ஆவணத்தை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரையும் வாங்க வேண்டும். எழுபது வயதுத் தாயை, மகனைப் பறிகொடுத்த மாதத்தில், அலுவலகம் அலுவலகமாக அலையவைக்கும் வேலை இது. ஒரு K எழுத்துக்காக!

ஓர் எச்சரிக்கை. டிரஸ்ட் வகை நியமனத்தை எழுத்துப் பிழைக்காக ரத்துசெய்யப் புறப்படாதீர்கள். அதை விலக்க நாமினிகள் எல்லாருடைய சம்மதமோ, உங்களைத் தவிர்த்த வேறொரு அறங்காவலரின் சம்மதமோ வேண்டும். 1.9.2009க்கு முன் மனைவி மக்கள் பெயரில் எடுத்த பல பாலிசிகளும் சட்டப்படி டிரஸ்ட்தான், உரிமையாளருக்கே அது தெரியாமலிருக்கும். அவற்றுக்குப் புதிய படிவம் போடாமல், பெயர் விவரத்தை மட்டும் பதிவில் திருத்தச் சொல்லி அடையாள அட்டை நகலும் பிரகடனமும் கொடுப்பதே வழி. எந்த வகை என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பேனாவை எடுங்கள்.

இனி மசேநி. நியாயமாகச் சொல்ல வேண்டும்: இணைய நியமனம் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. சிங்பாஸில் நுழைந்து நியமனத்தைத் திறந்தால் யார் பெயர், எத்தனை விழுக்காடு என்று கண்முன் நிற்கும். எழுத்துப் பிழை தெரிந்தால் அப்போதே புதிய நியமனம் செய்யலாம், கட்டணம் இல்லை. சாட்சிகள் இருவரும் தத்தம் சிங்பாஸில் உறுதிசெய்ய வேண்டும். அவர்கள் செய்து முடிக்கும்வரை பழைய நியமனம்தான் நடப்பில் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது, சாட்சி மறந்துபோவது சாதாரணமாக நடக்கிறது. மசேநிக் கழகம் தானாக நாமினியைத் தேடி வரும் என்பதால், முகவரியும் தொலைபேசியும் பெயருக்கு இணையாக முக்கியம். திருமணம் செய்துகொண்டவர்கள் பெயரைத் திருத்த மெனக்கெட வேண்டாம், முன்பு செய்த மசேநி நியமனம் திருமணத்தோடு ரத்தாகிவிட்டது. புதிதாகவே செய்ய வேண்டும். காப்பீட்டு நியமனம் அப்படி ரத்தாகாது. பத்து வருடம் முன் எழுதிய பெயர், அதே பிழையோடு, அப்படியே நிற்கும்.

என் கோபம் முழுக்கக் காப்பீட்டுப் பக்கம்தான். சட்டம் தெளிவாக இருக்கிறது, படிவம் இரண்டு பக்கம், கட்டணம் இல்லை, முகப்பு ஊழியர்கள் பொறுமையாகப் பேசுகிறார்கள். ஆனால் படிவம் போய்ச் சேர்ந்ததும் நான் பார்த்த ஒரு நிறுவனத்திலிருந்து வந்த ஒப்புதல் கடிதம், “உங்கள் நியமனம் பதிவாகிவிட்டது” என்ற ஒற்றை வாக்கியம். எந்தப் பெயர், எந்த எண், எத்தனை விழுக்காடு, ஒன்றுமில்லை. கையெழுத்தில் நான் எழுதிய K, அங்கே தட்டச்சு செய்தவர் கண்ணுக்கு H ஆகத் தெரிந்ததா என்று அறிய வழியே இல்லை. மின்னஞ்சலில் இரண்டு முறை கேட்ட பிறகுதான் பதிவில் உள்ளபடி பெயர் வந்தது. அதில் தகப்பன் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது.

அதனால் படிவம் அனுப்பும்போதே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: “பதிவில் உள்ளபடி ஒவ்வொரு நாமினியின் முழுப்பெயர், அடையாள எண், பங்கு ஆகியவற்றை எழுத்தில் அனுப்பவும்.” கடிதம் வந்ததும் பாஸ்போர்ட்டை அருகில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வெட்டுப்பட்டிருந்தால், அது கணினிக் கட்டத்தின் நீளக் குறைபாடா தட்டச்சுப் பிழையா என்று கேட்டு அந்தப் பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

மசேநி இணைய நியமனத்துக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகத் தருவேன். காப்பீட்டு நியமனத்தில் குறைசொல்ல அதிகம் இல்லை என்று மேலே நானே எழுதிவிட்டேன். இருந்தாலும் இரண்டுதான். ஒப்புதல் கடிதத்தில் நாமினியின் பெயரை அச்சிட ஒரு வரி போதும், அந்த வரி தானாக வரும்வரை இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.