அனுபவச் சான்றிதழ்: போன் போட்டுக் கேட்பதா, பிஎஃப் பதிவைப் பார்ப்பதா?

தஞ்சாவூரில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறீர்கள். சென்னைக் கம்பெனி ஒன்றில் மூன்று வருட அனுபவம் என்று லெட்டர்பேடில் சான்றிதழ் வருகிறது. அதிலுள்ள எண்ணுக்கே போன் போட்டால் பயனில்லை. சான்றிதழ் போலி என்றால், அதை விற்றவரே எடுத்து, "ஆமா சார், நல்ல பையன்" என்பார். கம்பெனி எண்ணை நீங்களாகத் தேடிப் பிடித்தால் மட்டும் இந்த வழி உருப்படும்.

நான் முதலில் பார்ப்பது பிஎஃப் பணிப்பதிவை. எந்த நிறுவனம், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் அதில் இருக்கும். விண்ணப்பித்தவரே உங்கள் எதிரில் லாகின் செய்து காட்டட்டும், பாஸ்வேர்டு கேட்காதீர்கள். சேர்ந்தது சான்றிதழில் 2021 ஜூன், பதிவில் 2023 ஜூன் என்றால் விளக்கம் கேளுங்கள்.

ஆனால் பதிவில் வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தாலே மோசடி ஆகிவிடாது. கான்ட்ராக்டர் வழியாகச் சேர்ந்தவருக்குக் கான்ட்ராக்டர் பெயர்தான் வரும். திருவாரூர்ப் பக்கம் பத்துப் பேர் வேலை செய்யும் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவருக்குப் பதிவே இருக்காது. இருபது பேருக்குக் குறைந்த இடத்துக்குப் பொதுவாக பிஎஃப் கட்டாயமில்லை. அவரிடம் சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். கையில் கூலி வாங்கியவரா? ஒரு மாத பில்களைக் கொடுத்து, எதிரிலேயே டேலியில் ஏற்றச் சொல்லுங்கள். வீடியோ இன்டர்வியூவில் வேறொருவரை உட்கார வைத்தவரும் இங்கே மாட்டிக்கொள்வார்.