ஓப்பன் ரேட்டா, தங்கும் வாசகரா? செய்திமடல் நடத்தும் பத்திரிகையாளர் எந்த எண்ணை நம்பலாம்?

தனியாகச் செய்திமடல் நடத்தும் பத்திரிகையாளர்கள் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்துக்குள் ஓப்பன் ரேட், அதாவது மடலைத் திறந்தவர்களின் சதவீதம், வந்துவிடும். உங்களுக்கு எவ்வளவு, எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது என்று பேச்சு போகும். வாசகர் நம்மிடம் தங்குகிறாரா என்பதை அந்த எண்ணால் சொல்லவே முடியாது. கைவசம் இருக்கிற மற்ற அளவுகோல்கள் கிளிக், பதில் மெயில், அப்புறம் எந்த மாதம் எந்த வழியாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் படிக்கிறார்கள் என்ற கணக்கு. இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் ஓட்டு கடைசிக் கணக்குக்குத்தான், ஆனால் அதிலும் சிக்கல் உண்டு.

முதலில் ஓப்பன் ரேட். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படத்தை, டிராக்கிங் பிக்சலை, வைத்து அனுப்புகிறார்கள். அந்தப் படம் சர்வரிலிருந்து இறங்கினால் மெயில் திறக்கப்பட்டதாகக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்ததிலிருந்து இந்தக் கணக்கு ஆட்டம் கண்டுவிட்டது. அதை இயக்கியவர் மெயிலைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், ஆப்பிளே தன் இடைநிலை சர்வர்கள் வழியாகப் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். மடலைத் தொடாமலே அழித்தவரும் திறந்தவராகப் பதிவாவார். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. மெயிலின் அளவு சுமார் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிட்டு முழு மெயிலையும் பார்க்க ஒரு இணைப்பு தரும். பிக்சல் மெயிலின் அடியில் இருந்தால், உண்மையாகவே படித்தவரும் கணக்கில் வரமாட்டார். நீளமான புலனாய்வுக் கட்டுரையை முழுதாக மெயிலிலேயே அனுப்புகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

நீதிமன்றச் செய்திகளை வாரம் ஒருமுறை அனுப்பும் ஒரு பத்திரிகையாளரைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைப்பவை. பட்டியலில் 4,000 பேர், ஓப்பன் ரேட் 52 சதவீதம், அதாவது 2,080 பேர். பட்டியலில் ஆப்பிள் மெயில் வழியாகப் பெறுகிறவர்கள் 1,800, அவர்களில் திறந்ததாகப் பதிவானவர்கள் 1,350. மீதி 2,200 பேரில் 730 பேர்தான் திறந்திருக்கிறார்கள், அது 33 சதவீதம். ஆப்பிள் பக்கமும் உண்மையில் இதே அளவில்தான் படிக்கிறார்கள் என்று வைத்தால் மொத்த வாசிப்பு 52 அல்ல, 33 பக்கம்தான். இதைவிட மோசமான விஷயம், போக்கும் பொய் சொல்லும் என்பது. அடுத்த ஆறு மாதத்தில் ஐபோன் வைத்திருப்பவர்கள் பட்டியலில் கூடுதலாகச் சேர்ந்தால், ஒருவர்கூடக் கூடுதலாகப் படிக்காமலே கோடு மேலே ஏறும், நாமும் எழுத்து மேம்பட்டுவிட்டது என்று நம்பிவிடுவோம்.

அதற்காக ஓப்பன் ரேட்டைத் தூக்கி எறிய வேண்டாம். மெயில் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க அது உதவும். ஜிமெயில் முகவரிகளை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். வழக்கமாக 35 இருக்கிற இடத்தில் ஒரே வாரத்தில் 15 ஆனால், வாசகர்கள் ஓடிப்போகவில்லை, மெயில்கள் ஸ்பேமுக்குப் போகின்றன என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அந்த வேலைக்கு அது நல்ல கருவி.

கிளிக் கொஞ்சம் நேர்மையானது, ஆனால் செய்தி எழுதுகிறவர்களுக்கு அநியாயம் செய்யும். முழுக் கட்டுரையும் மெயிலிலேயே இருந்தால் வாசகர் எதைக் கிளிக் செய்வார்? ஆற அமரக் கடைசி வரி வரை படித்தவர் கணக்கில் பூஜ்யம். கிளிக் வேண்டும் என்பதற்காகக் கட்டுரையைப் பாதியில் வெட்டி ‘மேலும் படிக்க’ போட ஆரம்பித்தால், அளவுகோலுக்காக வாசகரைத் தொந்தரவு செய்கிறோம். இன்னொரு பிரச்சினை இயந்திரக் கிளிக். நிறுவனங்கள், அரசு அலுவலகங்களின் மெயில் பாதுகாப்பு மென்பொருள்கள் உள்ளே வரும் இணைப்புகளைத் தாங்களே திறந்து சோதிக்கும். பதிவைத் திறந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்: மடல் 9:00:00 மணிக்குப் போயிருக்கும், ஒரே முகவரியிலிருந்து 9:00:04-க்குப் பதினொரு இணைப்புகளும் கிளிக் ஆகியிருக்கும், அடிக்குறிப்பில் இருக்கும் முகநூல் இணைப்பு உட்பட. மனிதர் யாரும் அப்படிப் படிப்பதில்லை. நீதித்துறை, அரசு நிர்வாகம் பற்றி எழுதுகிறவர்களின் பட்டியலில் அலுவலக முகவரிகள் நிறைய இருக்கும், ஆகவே அனுப்பிய முதல் ஓரிரு நிமிடக் கிளிக்குகளை ஒதுக்கிவிட்டுத்தான் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

பதில் மெயில் எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி. நாலு வரி எழுதிப் போடுகிறவர் நிச்சயம் படித்திருக்கிறார், சில சமயம் அடுத்த செய்தியே அதிலிருந்துதான் கிடைக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான பேரில் பத்து இருபது பேர்தான் எழுதுவார்கள். அதை வைத்து ஏறியது இறங்கியது என்று போக்குப் பார்க்க முடியாது.

சரி, நான்காவது. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மொத்தப் பட்டியலையும் ஒரே கூட்டமாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, சேர்ந்த மாதம், வந்த வழி இரண்டையும் வைத்துப் பிரிக்கிறோம். அதே நீதிமன்றச் செய்தி மடலில் ஜனவரியில் 750 பேர் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். 600 பேர் வேறொரு செய்திமடல் பரிந்துரைத்ததால் வந்தவர்கள். அங்கே சந்தா சேரும்போது ‘இவற்றையும் பெறலாம்’ என்று வரும் பெட்டியில் டிக் விழுந்து வந்த கூட்டம். மற்ற 150 பேர் ஒரு ஜாமீன் முறைகேடு பற்றிய கட்டுரையைப் படித்து, அதன் அடியில் இருந்த பெட்டியில் தாங்களே முகவரி கொடுத்தவர்கள். ஒவ்வொரு குழுவிலும் யார் உயிர்ப்புடன் இருக்கிறார் என்று எண்ணுகிறோம்.

| | 1-வது வாரம் | 4-வது வாரம் | 8-வது வாரம் | 13-வது வாரம் |
|---|---|---|---|---|
| பரிந்துரை (600 பேர்) | 240 | 110 | 80 | 72 |
| கட்டுரைப் பெட்டி (150 பேர்) | 110 | 84 | 70 | 66 |

மூன்று மாதத்தில் பரிந்துரைக் குழுவில் மிஞ்சியது 12 சதவீதம், கட்டுரைக் குழுவில் 44 சதவீதம். தலை எண்ணினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 72-ம் 66-ம். ஆனால் முதல் வழி அந்த 72 பேரோடு 528 தூங்கும் முகவரிகளையும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

சதவீதத்தைவிடக் கோட்டின் வடிவம் முக்கியம். முதல் நான்கு வாரத்தில் செங்குத்தாக விழுந்து அப்புறம் கிட்டத்தட்ட மட்டமாகிவிட்டால், மடலில் குறையில்லை, நுழைவாயிலில்தான் குறை: வந்தவர்களுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியவில்லை. வரவேற்பு மெயிலையும் சந்தாப் பெட்டியின் வாசகத்தையும் மாற்ற வேண்டும். மாறாக, எட்டாவது வாரத்திலும் பதின்மூன்றாவது வாரத்திலும் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டே இருந்தால், சரியான ஆட்கள் வந்தும் சலித்துப் போகிறார்கள். அது எழுத்தையும் அனுப்பும் இடைவெளியையும் பற்றிய செய்தி. மொத்த ஓப்பன் ரேட்டில் இந்த இரண்டு நோயும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

உயிர்ப்பு என்றால் என்ன என்பதில்தான் நான் முதலிலேயே சொன்ன சிக்கல். ஆப்பிள் திறப்புகளைச் சேர்த்தால் பழைய பொய் பின்வாசல் வழியாக வந்துவிடும். கடைசி நான்கு மடல்களில் ஒரு முறையாவது மனிதக் கிளிக், அல்லது பதில், அல்லது ஆப்பிள் அல்லாத செயலியில் திறப்பு, இவற்றில் ஒன்று இருந்தால் உயிர்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கிளிக் செய்யவே வாய்ப்பில்லாத மடலில், மாதம் ஒருமுறை கட்டுரையின் முடிவில் ஒரு கேள்வி வையுங்கள்: ‘இந்த வழக்கைத் தொடர்ந்து எழுதவா? ஆம் / போதும்’. ஒரு தட்டுத் தட்டினால் பதில். கடைசிவரை படித்தவர்தான் அதைப் பார்ப்பார் என்பதால் ஐபோன் வாசகர்களும் பிடிபடுவார்கள். எல்லோரும் தட்டமாட்டார்கள், ஆகவே எண் உண்மையைவிடக் குறைவாகவே வரும். பரவாயில்லை, எல்லாக் குழுக்களையும் ஒரே கோலால் அளந்தால் ஒப்பீடு நிற்கும்.

தூங்குகிற 528 பேர் சும்மா இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜிமெயில் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளின்படி ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குள் வைத்திருப்பது நல்லது. ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினால் எல்லை வந்துவிட்டது. எதற்குச் சேர்ந்தோம் என்றே நினைவில்லாதவர்தான் அதை அழுத்துவார், விளைவு ஆசையாகக் காத்திருக்கும் 66 பேருக்கும் மடல் இன்பாக்ஸில் வராமல் போவது. அன்சப்ஸ்கிரைப் செய்துவிட்டுப் போகிறவரைப் பற்றி வருத்தப்படவே வேண்டாம், அவர் நமக்கு நல்லதுதான் செய்கிறார். மூன்று மாதம் அசைவில்லாதவர்களுக்கு ‘தொடரலாமா?’ என்று ஒரு மடல், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று, பதில் இல்லையென்றால் நீக்கிவிடலாம். ஆனால் ஆப்பிள் பயனர்களை நீக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கட்டும், அவர்களில் மௌனமாகப் படிக்கிறவர்கள் உண்மையிலேயே இருப்பார்கள்.

கட்டணச் சந்தா வந்த பிறகு விலகல் விகிதம் தனிக் கதை. 200 கட்டண வாசகர்கள், அதில் 120 பேர் ஆண்டுச் சந்தா, 80 பேர் மாதச் சந்தா. இந்த மாதம் ஆறு பேர் போனார்கள். 200-ஆல் வகுத்தால் 3 சதவீதம், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆண்டுச் சந்தாக்காரர் பெரும்பாலும் புதுப்பிக்கும் மாதம் வரை விலகியவராகக் கணக்கில் வருவதே இல்லை. போன ஆறு பேரும் மாதச் சந்தாக்காரர்கள் என்றால் உண்மையான விகிதம் 7.5. அந்த வேகத்தில் போனால் இன்றைய நூறு மாதச் சந்தாக்காரர்களில் ஒரு வருடத்தில் மிஞ்சுவது 39 பேர்தான், மூன்று சதவீதம் என்று நம்பியிருந்தால் 69 என்று திட்டம் போட்டிருப்போம். அந்த ஆறு பேரில் இரண்டு பேருடைய கார்டு காலாவதியாகித் தொகை எடுக்க முடியாமல் நின்றிருக்கலாம். அவர்கள் விலக முடிவு செய்யவே இல்லை, ஒரு நினைவூட்டல் மெயில் போதும். ஆகவே மாதமும் ஆண்டும் தனித்தனி, விரும்பிப் போனதும் கார்டு தோற்றதும் தனித்தனி. ஆண்டுச் சந்தாவுக்கு ஒரே எண்தான் வேண்டும்: இந்த மாதம் புதுப்பிக்க வேண்டியவர்களில் எத்தனை பேர் புதுப்பித்தார்கள்.

இந்தக் கணக்கு எல்லாமே மெயில் முகவரி நம் கையில் இருந்தால்தான் சாத்தியம். சப்ஸ்டாக் என்ற செய்திமடல் தளத்தில் சந்தாதாரர் வேறு, செயலியில் பின்தொடர்பவர் வேறு, பின்தொடர்பவரின் முகவரியை ஏற்றுமதி செய்ய முடியாது. 2024 ஜனவரியில் தொழில்நுட்பப் பத்திரிகையாளர் கேசி நியூட்டன் தன் ‘பிளாட்ஃபார்மர்’ மடலைச் சப்ஸ்டாக்கிலிருந்து கோஸ்ட் என்ற இன்னொரு தளத்துக்கு மாற்ற முடிந்தது சந்தாதாரர் பட்டியல் எடுத்துச் செல்லக்கூடியதாக இருந்ததால்தான். மாறும்போது எந்தத் தேதியில், எந்த வழியாகச் சேர்ந்தார் என்ற விவரத்தையும் சேர்த்து இறக்கிவையுங்கள். வெறும் முகவரிப் பட்டியலாக எடுத்துப்போனால் பழைய குழுக்களைத் திரும்பப் பிரிக்க வழியே இருக்காது.

வாரமடல் இல்லாமல், ஒரு புலனாய்வு முடிந்தால் மட்டும் அனுப்புகிறவர்களுக்கு மேலே இருக்கும் வாரக் கணக்கு பொருந்தாது. பதின்மூன்று வாரத்தில் மூன்றே மடல் போயிருந்தால், அசைவில்லை என்று ஒருவரை நீக்க அது போதிய ஆதாரம் இல்லை. அவர்கள் வாரத்தை மறந்துவிட்டு மடலை எண்ணலாம்: சேர்ந்தபின் வந்த முதல் மடலில் எத்தனை பேர், நான்காவதில் எத்தனை பேர், எட்டாவதில் எத்தனை பேர்.