தலைப்பைச் சோதிக்க எண் போதுமா, கமக்காரர் வேண்டுமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கமக்காரர் அமைப்புகள் எழுதிய கடிதங்கள் ஒரு பெருங்கட்டாக என் கைக்கு வந்தன. குளம், வாய்க்கால், யானை, உரம், நட்டஈடு என்று எல்லாம் அவற்றில் கலந்து கிடந்தன. எந்தக் கடிதம் எதைப் பற்றியது என்று பிரிக்க, ஆவணங்களில் உள்ள தலைப்புகளைச் சொற்களை வைத்துத் தானாகக் கண்டெடுக்கும் எல்.டி.ஏ. என்ற கணினி முறையைப் பயன்படுத்தினேன். பிரிப்பது எளிது. வந்த தலைப்புகளை நம்பலாமா என்று சொல்வதுதான் கடினம். அதற்கு மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. ஆட்களை உட்கார வைத்துக் கேட்கும் வழியை நான் தெரிந்தெடுத்தேன், இப்போதும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

பிளை, இங், ஜோர்டன் ஆகிய மூவரும் 2003இல் வெளியிட்ட இந்த முறையில் ஒவ்வொரு ஆவணமும் பல தலைப்புகளின் கலவை. ஒவ்வொரு தலைப்பும் சொற்களின் நிகழ்தகவுப் பட்டியல். எத்தனை தலைப்பு வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். தலைப்புக்குப் பெயரும் நாம்தான் வைக்க வேண்டும். பதினைந்து கேட்டால், அர்த்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பதினைந்து பட்டியலைத் தந்துவிடும்.

முதல் வழி பெர்பிளெக்சிட்டி. சில கடிதங்களை ஒதுக்கி வைத்து, மற்றவற்றில் கற்ற எல்.டி.ஏ. மாதிரி அவற்றின் சொற்களை எவ்வளவு நன்றாக எதிர்பார்க்கிறது என்று அளப்பது இது. இதில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. சாங், பாய்ட்-கிரேபர் முதலியோர் 2009இல் மனிதர்களைக் கொண்டு சோதித்தபோது, இந்த அளவில் முன்னே நின்ற மாதிரிகளின் தலைப்புகள் மனிதர்களுக்குச் சில வேளைகளில் இன்னும் மோசமாகவே புரிந்தன. சொற்களை நன்றாக ஊகிப்பதும் மனிதருக்கு விளங்குவதும் வேறு வேறு.

இரண்டாவது, ஒத்திசைவு எண். ஒரு தலைப்பின் முன்னணிச் சொற்கள் ஒரே ஆவணத்தில் சேர்ந்து வருகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது. ஜென்சிம் என்ற பைதன் நூலகத்தில் இது இரண்டே வரி:

```python
cm = CoherenceModel(model=lda, texts=texts,
                    dictionary=d, coherence='c_npmi',
                    window_size=1000)  # முழுக் கடிதமும் ஒன்றாக எண்ணப்படும்
print(cm.get_coherence_per_topic())
```

செலவில்லை, காத்திருப்பில்லை. ஆனால் இந்த எண் எங்கே வழுக்குகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஆயிரம் கடிதங்கள் என்று வையுங்கள். குளத்து மதகைக் குறிக்கும் ‘துருசு’ நூறு கடிதங்களிலும் ‘பங்கு’ நூறு கடிதங்களிலும் வருகின்றன. இரண்டும் சேர்ந்து நாற்பதில் வருகின்றன. சம்பந்தமே இல்லாத சொற்களாக இருந்தால் பத்துக் கடிதங்களில்தான் சேர்ந்திருக்கும். எனவே இது நல்ல இணை. தற்செயலைவிட எவ்வளவு கூடுதலாகச் சேர்ந்து வருகின்றன என்பதை அளக்கும் என்.பி.எம்.ஐ. மதிப்பு ஏறக்குறைய 0.43; எப்போதும் சேர்ந்தே வந்தால் அது 1. இனி ‘மேற்படி’, ‘பணிவன்புடன்’ என்ற இணை. ஒரே தட்டச்சுக் கடையில் ஒரே படிவத்தை வைத்து அடித்த கடிதங்களில் இவை வருகின்றன: தனித்தனியே முந்நூறு, சேர்ந்து இருநூற்று எண்பது. மதிப்பு 0.89. சிறுபோக நீர்ப் பங்கீட்டைவிடக் கடிதத்தின் சம்பிரதாய வரிகளுக்கு இரு மடங்குக்கு மேல் மதிப்பெண் கிடைத்துவிட்டது. எண்ணின் பார்வையில் அதுதான் மிகச் சிறந்த தலைப்பு.

நம் கடிதங்கள் குட்டையானவை என்பதும் இதைக் கூட்டுகிறது. ஒத்திசைவு எண்ணில் பலரும் விரும்பும் c_v என்ற வகை 110 சொல் அகலமுள்ள சாளரத்தை நகர்த்திக்கொண்டு போய், அதற்குள் சேர்ந்து வரும் சொற்களை எண்ணுகிறது. கடிதமே அதைவிடச் சிறியது என்றால் முழுக் கடிதமும் ஒரே சாளரம்; தலையில் உள்ள சொல்லும் வாலில் உள்ள சொல்லும் பக்கத்தில் இருப்பதாகவே எண்ணப்படும். வெளியிலுள்ள ஒரு பெரிய தொகுப்பில், விக்கிப்பீடியா போன்றதில், எண்ணலாமே என்பார்கள். துருசும் கலிங்கும் அங்கே எத்தனை முறை வரப்போகின்றன?

மூன்றாவது, அந்நியச் சொல் சோதனை. மேலே சொன்ன 2009 ஆய்வு அறிமுகப்படுத்தியதும் இதைத்தான். தலைப்பின் முதல் ஐந்து சொற்களோடு வேறு தலைப்பிலிருந்து ஒரு சொல்லைக் கலந்து, வரிசையைக் குலைத்து, ஒட்டாதது எது என்று கேட்பது. எங்கள் சீட்டு ஒன்று: சிறுபோகம், துருசு, யானை, பங்கு, ஏக்கர், வாய்க்கால். தலைப்பு உண்மையில் ஒரு பொருளைப் பிடித்திருந்தால் எல்லாரும் யானையைத்தான் எடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் ஆறில் ஒன்று சரியாகும். எட்டுப் பேரைக் கேட்டு நான்கு பேர் சரியாகச் சொன்னால்கூட, குருட்டுவாக்கில் அப்படி நிகழ்வது நூற்றுக்கு மூன்று வாய்ப்புத்தான். பெரிய கூட்டம் தேவையில்லை.

யாரைக் கேட்கிறோம் என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதே சீட்டை நகரத்தில் வளர்ந்த மாணவர்களிடம் கொடுத்தால் சிலர் ‘பங்கு’வைத் தூக்கிவிடுகிறார்கள். சிறுபோகத்தில் குளத்து நீருக்கேற்ப விதைப்பு நிலத்தைப் பங்கு பிரித்துக் கொடுப்பது அவர்களுக்குத் தெரியாது. தலைப்பு நல்லது, சோதித்தவருக்கு வயல் தெரியாது. ஆனால் மதிப்பெண் குறைவது தலைப்புக்கு. இரணைமடுவின் கீழே கமம் செய்பவர் அப்படித் தடுமாறுவதில்லை.

சீட்டுத் தயாரிப்பிலும் கவனம் வேண்டும். அந்நியச் சொல் இந்தத் தலைப்பில் அரிதாகவும் இன்னொரு தலைப்பில் முன்னணியிலும் இருக்க வேண்டும். எங்குமே அரிதான சொல்லைப் போட்டால், பொருளைப் பார்க்காமல் அதன் அபூர்வத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். தமிழில் இன்னொரு பொறியும் உண்டு. குளம், குளத்தில், குளத்தின், குளத்துக்கு என்பவை கணினிக்கு நான்கு வெவ்வேறு சொற்கள். வேற்றுமை உருபுகளை நீக்கி ஒன்றாக்காமல் விட்டால் தலைப்பே குளம், குளத்தில், குளத்தின் என்று நிரம்பும். ஒத்திசைவு எண்ணும் உயரும், அந்நியச் சொல்லைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். தலைப்போ நமக்கு ஒன்றும் சொல்லாது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த வேலை முதலில்.

சம்பிரதாய வரிகள் இந்தச் சோதனையிலும் தப்பிவிடும் என்பதை மறைக்கக் கூடாது. மேற்படி, பணிவன்புடன், தாழ்மையுடன் ஆகியவற்றிடையே ‘உரம்’ வந்தால் யாருக்கும் தெரியும். அதனால் சீட்டின் கீழே ஒரு கேள்வி சேர்த்தோம்: அந்நியச் சொல்லை நீக்கியபின் மிச்சத்துக்கு ஒரு பெயர் வையுங்கள். ஒரு பெரியவர் அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது கடிதத்தின் தலையும் வாலும். விஷயம் எங்கே?” அச்சொற்களை, கணக்கில் எடுக்காமல் ஒதுக்கும் நிறுத்தச் சொற்களின் பட்டியலில் சேர்த்து மீண்டும் ஓட்டியபோது அந்த இடம் யானை வேலிக்கும் பயிரழிவு நட்டஈட்டுக்கும் போனது.

எண்ணுக்கு இதில் வேலையே இல்லை என்று சொல்லமாட்டேன். எல்.டி.ஏ. தற்செயல் தொடக்கத்திலிருந்து கற்பதால் ஒவ்வோர் ஓட்டத்திலும் தலைப்புகள் சற்று மாறும். ஒவ்வொரு முறையும் வயலிலிருந்து ஆட்களைக் கூப்பிட முடியாது, காலபோக விதைப்பு நேரத்தில் கூப்பிடவே கூடாது. பத்துத் தலைப்பா, இருபதா, நாற்பதா என்று வடிகட்ட ஒத்திசைவு எண்ணைப் பயன்படுத்தலாம். அப்போதும் சராசரியை நம்பாமல் தலைப்புத் தலைப்பாகப் பார்த்து, மிக உயர்ந்ததையும் சந்தேகியுங்கள். எஞ்சும் இரண்டு மூன்று மாதிரிகளை மட்டும் சீட்டாக்கி ஆட்களிடம் கொண்டுபோங்கள்.

நான் சொல்வது ஒரு பக்கக் கடிதங்களை வைத்து மட்டுமே. நீண்ட அறிக்கைகளில் ஒத்திசைவு எண் இவ்வளவு ஏமாற்றாது என்று நினைக்கிறேன், ஆனால் அவற்றில் கைவைத்த அனுபவம் எனக்குக் குறைவு.